ஏற்புக் கையொப்பமும் சிறு வணிகரும்: உண்டியல் முதல் ட்ரெட்ஸ் வரை

சரக்கை இன்று கொடுத்து, பணத்தை மூன்று மாதம் கழித்துப் பெறுவது வணிகத்தில் பழைய வழக்கம். வாங்குபவர் பெரியவராகவும் விற்பவர் சிறியவராகவும் இருந்தால் இவ்வழக்கம் பெரும் சுமையாகிவிடும். பட்டறைக்காரர் அடுத்த சரக்குக்கான இரும்பை இப்போதே வாங்க வேண்டும். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ இன்னும் பணமாகாத பில் ஒன்றே. அந்த பில்லை, அதில் எழுதியுள்ள தொகைக்குச் சற்றுக் குறைவான விலைக்கு மூன்றாம் ஒருவரிடம் விற்றுப் பணமாக்கிக்கொள்வதே பில் டிஸ்கவுண்டிங். குறையும் தொகை கழிவு எனப்படும். தவணை நாளில் வாங்குபவர் செலுத்தும் முழுத் தொகையும் பில்லை வாங்கிய நிதியாளரைச் சேரும்.

இது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் உளர். இந்திய வணிகர் இதனைச் சில நூற்றாண்டுகளாகவே செய்துவந்துள்ளனர். இடையில் அது தேய்ந்தது. இப்போது மின்னணு வடிவில் மீண்டும் வந்துள்ளது. தேய்வும் மீட்சியும் ஏன் நேர்ந்தன என்று ஆராய்ந்தால் விடை ஓரிடத்தில்தான் நிற்கிறது: கடனாளி தன் கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டாரா என்பதே அது.

தரிசன உண்டியலும் தவணை உண்டியலும்

தமிழில் இன்று உண்டியல் என்றால் காணிக்கைப் பெட்டியும் சிறுவர் காசு சேர்க்கும் மண்கலயமுமே நினைவுக்கு வரும். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வணிகர் வாயில் அச்சொல் வேறொன்றைக் குறித்தது. ஓர் ஊரிலுள்ள வணிகர் வேறோர் ஊரிலுள்ள தம் கூட்டாளிக்கோ கடனாளிக்கோ ‘இச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகை கொடுக்கவும்’ என்று எழுதும் ஓலையே உண்டியல். வடநாட்டில் ‘ஹுண்டி’ எனப்பட்டது இதுவே. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தார் உண்டியல் வழியாகவே பணத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பினர்.

உண்டியலில் இருவகை முதன்மையானவை. காட்டியவுடன் பணம் தரவேண்டியது தரிசனி. காட்டுவதே தரிசனம், பெயர் அப்படி வந்தது. குறித்த நாள்கள் கழிந்தபின் பணம் தரவேண்டியது முத்ததி. அதாவது தவணை உண்டியல். இடத்துக்கு இடம் பணம் மாற்றுவதற்குத் தரிசனி பயன்பட்டது. தவணை உண்டியலோ காலத்தைக் கடந்து பணத்தைக் கொண்டுவந்தது. தவணை முடியும்வரை காத்திருக்க இயலாதவர் அதனைச் சராபிடம் கொடுத்து, கழிவு போக மீதியை உடனே பெற்றுக்கொண்டார். சராபு அதன் பின்புறம் மேலெழுத்திட்டு வேறொருவருக்கு விற்கலாம். அவரும் அவ்வாறே செய்யலாம். தவணை நாளில் யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்கே பணம்.

இதில் சமண வணிகரின் பங்கு பதிவாகியுள்ளது. 1586-இல் ஜவுன்பூரில் பிறந்த பனாரசிதாசர் ஒரு சமண வணிகர், கவிஞரும் ஆவார். 1641-இல் அவர் எழுதிய ‘அர்த்தகதானகம்’ அவருடைய தன்வரலாறு. மனித வாழ்நாள் நூற்றுப்பத்து ஆண்டு என்று கொண்டு, அதில் பாதியைக் கடந்தபோது எழுதியதால் ‘பாதிக் கதை’ என்று பெயர் வைத்தார். மணிகளும் துணியும் நெய்யும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஆக்ராவுக்குச் சென்றதும், அங்கே வாணிபத்தில் இழந்ததும் அந்நூலில் உள்ளன. கடன் வாங்குவதும் உண்டியலும் அன்றாட நிகழ்ச்சிகளாகவே அதில் வந்துபோகின்றன. அடுத்த நூற்றாண்டில் முர்ஷிதாபாதில் ஓசுவால் சமணக் குடும்பம் ஒன்று, வங்காளத்தின் வரிப்பணத்தை வண்டியில் ஏற்றாமல் உண்டியல் வழியாகவே தில்லிக்கு அனுப்பும் ஆற்றல் பெற்றிருந்தது. அக்குடும்பத்தின் ஃபதேசந்துக்கு 1723-இல் முகலாயப் பேரரசர் ‘ஜகத் சேட்’ என்னும் பட்டம் அளித்தார்.

அறிமுகமில்லாதவர் எழுதிய துண்டுத்தாளை நம்பிச் சராபு பணம் கொடுத்தது எவ்வாறு? இதற்கு வழக்கமே அரணாக இருந்தது. தொகையைத் திருத்த முடியாதபடி, ‘ஆயிரம், அதில் பாதி ஐந்நூறு, அதன் இருமடங்கு’ என்றவாறு வேறு வேறு வகையில் சுற்றி எழுதினர். ‘ஷாஜோக்’ எனப்படும் உண்டியலின் பணத்தைச் சந்தையில் மதிப்புள்ள ஒரு ‘ஷா’ வழியாகவே பெறமுடியும்; திருட்டுச் சீட்டு வந்தால் அவரையே கேட்கலாம். சீட்டு தொலைந்தால் ‘பேட்’ என்னும் இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’ என்னும் மூன்றாம் படியும் எழுதப்பட்டன. தவணை உண்டியல் வந்ததும், பணம் கொடுக்கவேண்டியவர் அதன் விவரத்தைத் தம் பேரேட்டில் பதிந்துகொள்வது பல இடங்களில் ஏற்பாகக் கருதப்பட்டது. ஏற்ற உண்டியலுக்குப் பணம் தர மறுத்தவரின் சீட்டை அதன்பின் சந்தையில் எவரும் தொடமாட்டார். அந்த அச்சமே பிணை.

கழிவின் அளவு ஆபத்தைப் பொறுத்தது. ‘ஜோகிமி’ என்றொரு வகை உண்டு. சரக்கு நலமாகச் சென்று சேர்ந்தால்தான் அதற்குப் பணம். வழியில் கப்பல் கவிழ்ந்தால் உண்டியலுக்கு மதிப்பில்லை. பணம் கொடுத்தவர் வட்டியோடு காப்புறுதிப் பொறுப்பையும் ஏற்றதால் அதற்குக் கழிவு மிகுதி. நாளுக்குரிய வட்டியும் பணம் வராமற்போகும் ஆபத்துக்குரிய விலையும் சேர்ந்ததே கழிவு என்னும் கணக்கு அன்றே தெளிவாக இருந்தது.

சட்டம் வகுத்த இரு வழிகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் மாற்றுச்சீட்டு, கடனுறுதிச்சீட்டு, காசோலை ஆகியவற்றுக்கு விதி வகுத்தது. நாட்டு மொழிகளில் எழுதப்படும் உண்டியல்களின் உள்ளூர் வழக்கத்தை அது தொடவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பேரேட்டில் நிற்கும் சாதாரணக் கடனை ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்கொடுப்பதற்கு விதி செய்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் கடனை விற்பதற்கு வழி செய்பவைதாம். ஆயினும் பில்லை விற்கும் சிறு வணிகருக்கு இவ்விரண்டின் இடைவெளி மிகப் பெரிது.

ஒரு காட்டு கொள்வோம். பட்டறைக்காரர் பத்து லட்சம் ரூபாய்க்கு உதிரிப்பாகங்கள் அனுப்புகிறார். வாங்கிய ஆலை, தவணை குறித்த மாற்றுச்சீட்டின் குறுக்கே ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறது. இச்சீட்டை நன்னம்பிக்கையோடு விலைக்கு வாங்கும் வங்கி முறையான உடைமையாளர் ஆகிறது. ‘பாகங்களில் பத்து பழுதாயின, ஆகவே தொகையைக் குறைப்பேன்’ என்று ஆலை அந்த வங்கியிடம் வாதிட முடியாது. அந்தச் சச்சரவைப் பட்டறைக்காரரோடு தனியே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலை கையொப்பமிடவில்லை, கையில் இருப்பது பட்டறைக்காரர் தாமே அடித்த விலைப்பட்டியல் மட்டும் என்று கொண்டால் நிலை வேறு. அதனை வாங்குபவர் விற்றவரின் காலணியில்தான் நிற்கிறார். சரக்குக் குறை, முன்பணம், பழைய கணக்கு நேர்செய்தல் எனப் பட்டறைக்காரரிடம் ஆலை சொல்லக்கூடிய தடை அனைத்தையும் வாங்கியவரிடமும் சொல்லலாம். கடன் கைமாறிய செய்தி ஆலைக்கு முறைப்படி தெரிவிக்கப்படும் முன் ஆலை பழைய ஆளுக்கே பணம் கொடுத்துவிட்டால் அதுவும் செல்லும். இத்தனை ஆபத்தையும் ஏற்பவர் அதற்குரிய விலையைக் கேட்பார். ஆகவே ஒரே ஆலை, ஒரே சரக்கு, ஒரே தொகை. ஆனால் கையொப்பம் உள்ள சீட்டு மலிவாகப் பணமாகும். இல்லாத பட்டியல் பெருங்கழிவுக்கே போகும், அல்லது போகவே போகாது.

பில் சந்தை வளராத கதை

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி இந்நாட்டில் பில் சந்தை ஒன்றை உருவாக்க இருமுறை முயன்றது. 1952 ஜனவரியில் தொடங்கிய முதல் திட்டம் பெயரளவில்தான் பில் திட்டம். வங்கிகள் தம் வாடிக்கையாளரின் கேட்புக் கடனுறுதிச்சீட்டுகளைத் தவணைச் சீட்டுகளாக மாற்றி, அவற்றை ஈடுவைத்து ரிசர்வ் வங்கியில் கடன் பெற்றன. சரக்கு விற்பனையில் பிறந்த பில் அதில் இல்லை. 1970 நவம்பரில் வந்த இரண்டாம் திட்டம் இக்குறையைக் களைய முற்பட்டது. உண்மையான சரக்கு விற்பனையில் எழுந்த பில்லையே வங்கி வாங்க வேண்டும். வாங்கியதை ரிசர்வ் வங்கி மறுகழிவுக்கு எடுத்துக்கொள்ளும்.

நோக்கம் நல்லதே. ஆயினும் சந்தை எதிர்பார்த்த அளவு வளரவில்லை. தவணைச் சீட்டுக்கு முத்திரைத்தாள் செலவு ஒரு தடை என்று சொல்லப்பட்டது. 1980-களின் இறுதியில் அச்செலவு நீக்கப்பட்ட பின்னும் நிலை பெரிதாக மாறவில்லை. ஏனெனில் உண்மைத் தடை வாங்குபவரிடம் இருந்தது. பெரிய நிறுவனத்துக்கு வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு இருந்தது. வேண்டும்போது எடுக்கலாம், வேண்டும்போது கட்டலாம். பில்லில் கையொப்பமிட்டாலோ குறித்த நாளில் பணம் கட்டியே தீரவேண்டும்; தவறினால் சீட்டு திரும்பிவந்து பெயர் கெடும். கையொப்பமிடாமல் ‘திறந்த கணக்கில்’ சரக்கு வாங்கினால், நூறு நாளில் கொடுக்கலாம், நூற்றைம்பது நாளிலும் கொடுக்கலாம். கையொப்பம் வேண்டும் என்று வற்புறுத்தும் வலிமை சிறு வணிகருக்கு இல்லை. வற்புறுத்தினால் அடுத்த ஆர்டர் வேறொரு பட்டறைக்குப் போய்விடும்.

சந்தை வளராமைக்கு வேறொரு காரணம் போலி பில். உண்டியலின் முகத்தைப் பார்த்து, அதன் பின்னால் சரக்கு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. இரு வணிகர் ஒருவர்மேல் ஒருவர் உண்டியல் எழுதி, இருவரும் ஏற்று, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் கழிவுக்குக் கொடுத்துப் பணமெடுப்பது உண்டு. தவணை வரும்போது புதிய உண்டியலால் பழையதை அடைப்பர். சங்கிலியில் ஒரு கண்ணி அறும்வரை எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். இதனைக் கண்டறிய அனுபவமுள்ள சராபு சில அடையாளங்களைப் பார்ப்பார்: தொகை எப்போதும் முழு எண்ணாக இருப்பது, இரு பெயர்களே மாறி மாறி வருவது, தவணை நாளன்றே புதிய சீட்டு பிறப்பது, வண்டிச் சீட்டோ சரக்கு பெற்ற ஒப்புதலோ உடன் இல்லாமை. இன்றைய விலைப்பட்டியலுக்கும் இவ்வடையாளங்கள் பொருந்தும்.

பில் சந்தை தளர்ந்த நிலையில் ஃபாக்டரிங் என்னும் முறை முன்வந்தது. கல்யாணசுந்தரம் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1991-இல் மேற்குப் பகுதிக்கு எஸ்.பி.ஐ. ஃபாக்டர்ஸும் தெற்குப் பகுதிக்குக் கேன்பேங்க் ஃபாக்டர்ஸும் தொடங்கப்பட்டன. இதில் ஏற்பு பெற்ற சீட்டு தேவையில்லை. விற்பவரின் பட்டியல்களை நிறுவனம் எடுத்துக்கொண்டு, எண்பது விழுக்காடு அளவில் முன்பணம் தந்து, வசூலையும் பார்த்துக்கொள்ளும். மீதி இருபது விழுக்காடு வசூலான பின் வரும். இங்கும் ஒரு முள் இருந்தது. வாங்கியவர் பணம் தராவிடில் விற்றவரிடமே முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையோடுதான் பெரும்பாலும் ஒப்பந்தம் அமைந்தது. அப்படியானால் அது பில்லை விற்றதாகாது. பில்லை ஈடுவைத்துக் கடன் பெற்றதாகவே முடியும். பெரியவரின் தவறுக்குச் சிறியவரே பிணை.

சட்டமும் தன் பங்குக்குத் தாமதத்தைத் தண்டிக்க முயன்றது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு விற்பனையாளருக்கான பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் நாற்பத்தைந்து நாளுக்குள் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் செலுத்த வேண்டும். உரிமை வலிமையானதே. ஆனால் அதைக் கேட்க வாடிக்கையாளர்மேல் முறையீடு செய்ய வேண்டும். தொழில் அவர் ஒருவரை நம்பியே நடக்கும்போது அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் உறவு முறிந்தபின் வருவோரே.

திரையில் வந்த கையொப்பம்

இந்தப் பின்னணியில்தான் 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ட்ரெட்ஸ் என்னும் அமைப்புக்கு நெறிமுறை வெளியிட்டது. வணிக வரவுகளைக் கழிவுக்கு விற்கும் மின்னணுச் சந்தை இது. உரிமம் பெற்ற மூன்று நிறுவனங்கள் 2017-இல் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலுக்கு வந்தன: தேசியப் பங்குச் சந்தையும் சிட்பியும் சேர்ந்து அமைத்த ஆர்.எக்ஸ்.ஐ.எல்., மைண்ட் நிறுவனத்தின் எம்1எக்ஸ்சேஞ்ச், ஆக்சிஸ் வங்கி பங்கேற்ற இன்வாய்ஸ்மார்ட். மெக்சிகோவின் நஃபின் என்னும் அரசு வளர்ச்சி வங்கி 2001-இல் தொடங்கிய இணையவழித் திட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடி.

நடைமுறை எளியது. பட்டறைக்காரர் தம் விலைப்பட்டியலை ஏற்றுகிறார். அது ‘ஃபாக்டரிங் யூனிட்’ என்னும் ஓர் அலகாகிறது. வாங்கிய ஆலை அதனைத் திரையில் பார்த்து, சரக்கு வந்தது, தொகை சரி, இன்ன நாளில் செலுத்துவேன் என்று ஏற்கிறது. ஏற்ற கணமே அது பழைய மாற்றுச்சீட்டின் குறுக்கே இட்ட கையொப்பத்துக்கு நிகராகிறது: சரக்குக் குறை என்று சொல்லிப் பின்னர் ஆலை தொகையைப் பிடிக்க முடியாது. அதன்பின் பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கழிவு விகிதத்தைக் கூறி ஏலம் கேட்கின்றன. ஏற்ற விலைக்குப் பில் கைமாறுகிறது. ஓரிரு வேலை நாளில் பணம் பட்டறைக்காரரின் கணக்குக்கு வருகிறது. தவணை நாளில் ஆலையின் வங்கிக் கணக்கிலிருந்து தொகை தானே எடுக்கப்படும். ஆலை தவறினால் வங்கி ஆலையைத்தான் கேட்க வேண்டும். விற்றவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை கிடையாது என்பது இந்த அமைப்பின் அடிப்படை விதி.

மேற்சொன்ன பத்து லட்ச ரூபாய்ப் பில்லையே எடுத்துக்கொள்வோம். தவணைக்கு இன்னும் அறுபது நாள் உள்ளது. ஏலத்தில் ஆண்டுக்கு ஒன்பது விழுக்காடு கேட்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கழிவு 14,795 ரூபாய். கைக்கு வருவது 9,85,205 ரூபாய். கையில் பெற்ற தொகையின்மீது கணக்கிட்டால் உண்மைச் செலவு ஒன்பதைச் சற்றே தாண்டி 9.14 விழுக்காடாகும். முன்கூட்டியே பிடிக்கும் வட்டியின் இயல்பு அது. சந்தைக் கட்டணம் இதற்குப் புறம்பானது.

அதே பில்லுக்கு ஆலையின் ஏற்பு இல்லை. வெளியே ஒரு நிதியாளர் பதினெட்டு விழுக்காட்டில் எண்பது விழுக்காடு முன்பணம் தருகிறார் என்று கொள்வோம். உடனே கிடைப்பது எட்டு லட்சம். அறுபது நாளுக்கு வட்டி 23,671 ரூபாய். ஆலை மேலும் முப்பது நாள் தாமதித்தால் 11,836 ரூபாய் கூடும். ஆலை கொடுக்கவே இல்லை என்றால் எட்டு லட்சத்தையும் பட்டறைக்காரர் திருப்பித் தரவேண்டும். இவ்விரு கணக்குக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பட்டறைக்காரரின் நாணயமோ உழைப்போ சிறிதும் மாறவில்லை. மாறியது ஆலையின் ஒப்புதல் ஒன்றே. ஏற்பு வந்ததும் வங்கி ஆலையின் நிதிநிலையைப் பார்த்து விலை சொல்கிறது. ஏற்பு இல்லாதபோது பட்டறையின் நிதிநிலையைப் பார்த்து விலை சொல்கிறது.

எஞ்சி நிற்கும் தடை

ஒரே பட்டியலை இரண்டு இடங்களில் விற்கும் ஆபத்து இக்காலத்துக்கும் உரியது. பழைய உண்டியல் ஒரே தாள். கையைவிட்டுப் போனால் போனதுதான். விலைப்பட்டியலையோ எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம். இதைத் தடுக்கவே 2011-ஆம் ஆண்டின் ஃபாக்டரிங் சட்டப்படி கைமாறிய வரவுகளை மத்தியப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ட்ரெட்ஸில் நடப்பவற்றை அந்தச் சந்தையே பதிவு செய்யலாம் என்று 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் எளிமையாக்கியது.

பெரிய நிறுவனங்கள் தாமே முன்வராததால் அரசு கட்டாயம் விதித்தது. விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் ட்ரெட்ஸில் சேரவேண்டும் என்று 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்த வரம்பு 250 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் கட்டாயம் பதிவு செய்வதற்கே உள்ளது. பதிவு செய்த நிறுவனம் ஒவ்வொரு பட்டியலையும் ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. சரிபார்க்கிறோம் என்று பட்டியலை முப்பது நாள் திரையிலேயே நிறுத்தினால், சந்தை எவ்வளவு விரைவாக இருந்தும் பயனில்லை. அறுபது நாள் தவணையில் பாதி கழிந்துவிடும்.

ஆகவே பட்டறைக்காரர் பார்க்க வேண்டிய முதல் நாள், பணம் வரும் நாளன்று. ஏற்பு வரும் நாளே. ஆர்டர் பேசும்போதே சரக்கு சேர்ந்த இத்தனை நாளில் ட்ரெட்ஸில் ஏற்பு தரப்படும் என்றும், கழிவை யார் ஏற்பது என்றும் எழுதி வாங்கிக்கொள்பவர் விலையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் நட்டப்படமாட்டார். வெளியே விற்க நேர்ந்தால், ஒப்பந்தத்தில் திரும்பக் கேட்கும் உரிமை பற்றிய வரியை முதலில் படிக்க வேண்டும். அந்த வரி இருந்தால் அவர் பில்லை விற்கவில்லை, கடன்தான் வாங்குகிறார். விலையையும் கடனுக்குரிய விலையாகவே ஒப்பிட வேண்டும்.

ஆக்ராவின் சராபு உண்டியலைக் கையில் வாங்கியதும், எழுதியவரின் பெயருக்கு அடுத்து, பணம் தரவேண்டியவர் யார், அவர் ஏற்றாரா என்று பார்த்தார். இன்று திரைமுன் அமர்ந்து ஏலம் கேட்கும் வங்கி அலுவலரும் அதையேதான் பார்க்கிறார்.